ஸ்பெக்டர்: தப்பான ஊகம் கேஷில் விட்டுப்போகும் தடம்

ஸ்பெகுலேட்டிவ் எக்ஸிக்யூஷன் ஏன் தகவலைக் கசியவிடுகிறது என்று தியரி தேர்வில் கேட்டால், பலர் "பிராசசர் முன்கூட்டியே இயக்கிவிடுகிறது" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். மார்க் இருப்பது அதற்கு அடுத்த பகுதியில். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் தாக்குதலின் முதல் வகையை எடுத்துக்கொள்வோம். கேஷ் ஹிட், மிஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

```c
if (x < array1_size)
    y = array2[array1[x] * 4096];
```

படி 1. தாக்குபவர் முதலில் எல்லைக்குள் இருக்கும் `x` மதிப்புகளையே திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். "இந்த நிபந்தனை எப்போதும் சரிதான்" என்று பிராஞ்ச் பிரெடிக்டர் பழகிவிடும்.

படி 2. `array1_size`, `array2` இரண்டையும் கேஷிலிருந்து வெளியேற்றிவிட்டு, ரகசிய பைட்டின் மேல் போய் விழும்படி எல்லை மீறிய ஒரு `x` கொடுக்க வேண்டும். `array1_size` மெயின் மெமரியிலிருந்து வரச் சில நூறு சைக்கிள் ஆகும். பிராசசர் அதுவரை காத்திருக்காமல் உள்ளே நுழைந்துவிடும். ரகசிய பைட் 75 என்றால், 75 × 4096 = 307200 என்ற இடத்தைப் படிக்கும். அந்த லைன் கேஷுக்கு வந்துவிடும்.

படி 3. இப்போது `array1_size` வந்து சேர்கிறது; ஊகம் தப்பு என்று தெரிகிறது. `y` தூக்கி எறியப்படுகிறது. "எல்லாவற்றையும்தான் திரும்பப் பெற்றாயிற்றே, அப்புறம் எங்கே கசிவு?" என்று இங்கேதான் குழப்பம் வரும். திரும்பப் பெறப்படுவது ரெஜிஸ்டர் மதிப்பு போல நிரலின் விடையை மாற்றக்கூடியவை மட்டும்தான். கேஷ் விடையை மாற்றாது, வேகத்தை மட்டுமே மாற்றும் என்பதால் அதை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுபோவதில்லை. விடைத்தாளில் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 4. `array2`-வைத் தாக்குபவரும் படிக்க முடியும் என்று கொள்வோம். 256 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து நேரம் பார்த்தால், 75-வது மட்டும் சட்டென்று வரும். நிஜத்தில் இரைச்சல் இருக்கும் என்பதால் பலமுறை அளப்பார்கள்.

ஏன் 4096? ஒரு கேஷ் லைன் பொதுவாக 64 பைட். பெருக்காமல் விட்டால் 64 முதல் 127 வரை ஒரே லைனில் உட்கார்ந்துவிடும். 75-ஐத் தனியாகப் பிரிக்க முடியாது. 64-ஆல் பெருக்கினாலே லைன்கள் பிரியும், ஆனால் பிரீஃபெட்சர் பக்கத்து லைனையும் இழுத்து வந்து குழப்பும். 4096 என்றால் ஒவ்வொன்றும் தனிப் பக்கத்தில்.

படிப்பதற்கு சிமுலேட்டர் எல்லாம் வேண்டாம். தாளில் 'ரெஜிஸ்டர்', 'கேஷ்' என்று இரண்டு நெடுவரிசை போட்டு, படிக்குப் படி நிரப்புங்கள், அதுவே போதும்.

பின்சேர்க்கை: `array1_size` கேஷிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று கமென்டில் ஒருவர் கேட்டிருந்தார். நிபந்தனை சீக்கிரம் முடிவாகிவிடும். `array2`-வைப் படிக்கத் தொடங்குவதற்குள் ஊகம் ரத்தாகிவிட வாய்ப்பு அதிகம். இன்னொருவர் இதை மெல்ட்டவுன் என்ற வேறொரு தாக்குதலோடு குழப்பிக்கொண்டிருந்தார். அங்கே பிராஞ்ச் ஊகமே தேவையில்லை, அனுமதிச் சோதனை தாமதமாவதுதான் ஓட்டை. அதனால் அதன் தீர்வான கெர்னல் பக்க அட்டவணைப் பிரிப்பு இங்கே உதவாது. இங்கே நிபந்தனைக்குப் பின் `lfence` போட்டு ஊகத்தை நிறுத்த வேண்டும், அல்லது லினக்ஸின் `array_index_nospec` செய்வதுபோல, எல்லை மீறிய `x` ஊகத்தின்போதும் 0 ஆகிவிடும்படி செய்ய வேண்டும்.