விவரம் தெரியாமல் சக ஊழியருக்கு இரங்கல் செய்தி எழுதுவது எப்படி?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை வரி வந்தது: "பாபு லீவு. அப்பா தவறிட்டாராம்." அடுத்த நிமிஷம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "டீம் சார்பா நீயே ஒரு மெசேஜ் எழுதிடு" என்றார். பாபு (பெயரை மாற்றியிருக்கிறேன்) அப்போது சேர்ந்து மூன்று மாதம்தான். நான் எழுதியது இது:

"உங்களைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பாவின் இழப்பு ஈடு செய்ய முடியாதது. அவரது ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்."

"நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. ஒரு மாதம் கழித்து டீக்கடையில் அவரே சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா எங்கப்பா என்னைத் தூக்கின ஞாபகமே எனக்கு இல்லைங்க. நாலு வயசுல விட்டுட்டுப் போனவரு."

அதிலிருந்து நான் எழுதுவது இந்த முறையில்தான்.

1. தெரிந்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இரண்டுதான்: அப்பா தவறிவிட்டார், பாபு லீவில் இருக்கிறார். தோளில் தூக்கியது நானாகச் சேர்த்தது.

2. இறந்தவரைப் பற்றி எழுதாதீர்கள், இருப்பவரிடம் பேசுங்கள். நான் சறுக்கிய இடம் இது. இரங்கல் என்றதும் கை தானாக "பாசமிகு", "வழிகாட்டியாக இருந்த" என்று எழுதத் தொடங்கும். அந்த உறவு எப்படி இருந்தது என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். "பெரியம்மா தவறிட்டாங்க" என்று கேட்டதும் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவோம். வளர்த்ததே அந்தப் பெரியம்மாவாக இருக்கலாம். அதனால் உறவை வைத்துச் செய்தியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வயதைக் கேட்பதும் "கல்யாணச் சாவுதானே" என்பதும் கூடவே கூடாது. அதை வீட்டார் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது.

3. மறுமையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். "ஆன்மா சாந்தியடைய" என்பது பொதுவான வாசகம் போலத் தோன்றும். ஆனால் கடவுள் மறுப்பாளர் வீட்டில் அது ஒட்டாது. "சிவபதவி", "வைகுண்ட பதவி", "கர்த்தருக்குள் நித்திரை" எல்லாம் அந்தந்த வீட்டார் சொல்லிக்கொள்வது. பெயரை வைத்து ஊகிக்கலாமே என்பீர்கள். பாபு என்ற பெயர் எந்த மதம், சொல்லுங்கள் பார்ப்போம்? "காலமானார்", "ஆழ்ந்த இரங்கல்" இரண்டும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

4. ஆபீஸ்காரராக உங்களால் முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள். "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றால் யாரும் கேட்பதில்லை. அவர் தலையில் இருக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று எழுதினால் பாபுவுக்கு இப்படி எழுதுவேன்:

"பாபு, அப்பா காலமான செய்தி கேட்டோம். மிகவும் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கும் வீட்டாருக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல். வியாழக்கிழமை ரிப்போர்ட்டை நான் அனுப்பிவிடுகிறேன், ஆபீஸ் விஷயம் எதையும் யோசிக்க வேண்டாம். இதற்குப் பதில் போடவும் வேண்டாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சாவு வீட்டில் உட்கார்ந்து பதினாறு பேருக்கு "நன்றி" தட்டுவது பெரிய இம்சை.

5. தனியாக அனுப்புங்கள். ஸ்டிக்கர், பூ படம், எரியும் மெழுகுவத்தி எதுவும் எனக்குப் பிடிக்காது. குழுவில் ஒருவர் ஆர்.ஐ.பி. என்று போட்டால் வரிசையாக இருபது பேர் அதையே போடுவார்கள், நடுவில் யாராவது கட்டைவிரலை உயர்த்துவார். நோட்ஸில் எழுதி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அவருடைய எண்ணுக்கே அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகர் தன் அனுபவத்தை எழுதியிருந்தார். முஸ்லிம் நண்பர் வீட்டுத் துக்கத்துக்கு மறுநாள் மாலையுடன் போயிருக்கிறார். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முஸ்லிம் வீடுகளில் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை, பெரும்பாலும் அன்றே முடித்துவிடுவார்கள். மாலை போடும் வழக்கமும் இல்லை. நேரில் போக நினைத்தால் பாபுவிடம் கேட்காதீர்கள். அவருக்கு நெருக்கமான இன்னொரு ஊழியரிடம் "எப்போ எடுக்கிறாங்க, மாலை வாங்கலாமா?" என்று கேட்டால் போதும்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவர் கவனித்துச் சொன்னது. தமிழ் விசைப்பலகையில் irangal என்று தட்டினால் சமயத்தில் "இறங்கல்", "இரங்கள்" என்றெல்லாம் வந்து நிற்கும். சரியானது "இரங்கல்". இரக்கத்தில் வரும் சின்ன ர, கடைசியில் ல். பழைய செய்திகளைத் திறந்து பார்த்தேன். பாபுவுக்கு அனுப்பியதில் அந்தச் சொல்லே இல்லை, ஆனால் வேறு இரண்டு பேருக்கு நான் "ஆழ்ந்த இறங்கல்" தெரிவித்திருக்கிறேன்.