வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு: கணக்கு தப்பும் இடங்கள்

சராசரி ஆர்டர் மதிப்பை, ஒருவர் மாதத்துக்கு எத்தனை முறை வாங்குகிறார் என்பதாலும் லாப விகிதத்தாலும் பெருக்கி, மாதத்துக்கு எத்தனை சதவீதம் பேர் விட்டுப் போகிறார்கள் என்ற மாத விலகல் விகிதத்தால் வகுத்தால், ஒரு வாடிக்கையாளர் விலகும்வரை தரும் மொத்த லாபமான வாழ்நாள் மதிப்பு வந்துவிடும். எண்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

ஒரு ஆன்லைன் கடைக்கு 1000 வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அவர்களில் 250 பேர் 300 ஆர்டர் போடுகிறார்கள். சராசரி ஆர்டர் 1000, லாபம் 25%, மாத விலகல் 5%. 300 ஆர்டரை 250 பேரால் வகுத்தால் 1.2, வாழ்நாள் மதிப்பு 6000 என்று வரும். ஆனால் விலகல் விகிதம் 1000 பேரையும் வைத்துக் கணக்கிட்டது. அதே 1000 பேரால் ஆர்டரையும் வகுத்தால் 0.3, மதிப்பு வெறும் 1500. லாப விகிதத்தை விட்டுவிட்டு விற்பனைத் தொகையையே மதிப்பு என்று எடுத்துக்கொள்வதும் இதே போன்ற தப்புதான்.

சந்தா இல்லாத வியாபாரத்தில் விலகலைக் கண்டுபிடிப்பதே சிரமம். யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதனால் ‘60 நாள் வாங்காவிட்டால் போய்விட்டார்’ என்று ஒரு விதி வைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன கடையில் ஒருவர் சராசரியாக மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வாங்குகிறார். அங்கே இந்த விதி உயிரோட்டமான வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைக்கூட விலகியவர்களாகக் காட்டிவிடலாம். விலகியதாகக் குறித்தவர்களில் எத்தனை பேர் பிறகு திரும்பி வந்து வாங்கினார்கள் என்று பார்த்தால் விதியின் லட்சணம் தெரிந்துவிடும். நிறையப் பேர் திரும்பியிருந்தால் நாட்களைக் கூட்ட வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு பெரிய சிக்கல் மிஞ்சும். பலர் கவனிக்காததும் இதுதான். அந்த 5% என்பது சராசரி. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மாத விலகல் 2%, தள்ளுபடிக்காக வந்த மீதிப் பாதிக்கு 8% என்று இருக்கலாம். முதல் கூட்டம் சராசரியாக 50 மாதம் இருக்கும்; அடுத்தது பன்னிரண்டரை மாதம்தான். இரு கூட்டமும் மாதம் 75 லாபம் தந்தால், ஒருவரின் மதிப்பு 3750. மற்றவரின் மதிப்பு 940 அளவு. 1500 என்ற எண் இருவருக்குமே பொருந்தவில்லை. அதை நம்பித் தள்ளுபடி விளம்பரத்தில் ஒருவரைச் சேர்க்க 1200 செலவழித்தால் ஒவ்வொருவரிடமும் நஷ்டம்தான்.

இப்படிக் கலப்பு இருக்கிறதா என்பதை ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம். எல்லோருக்கும் 5% என்றால் 24 மாதத்துக்குப் பிறகு 29% பேர் மிஞ்ச வேண்டும். மேலே சொன்ன கலப்பில் 37.5% பேர் மிஞ்சுவார்கள். மாத விலகல் விகிதம் ஆரம்பத்தில் அதிகமாக இருந்து பின்னால் குறைந்துகொண்டே போவது, கூட்டம் ஒன்றல்ல என்பதற்கு நல்ல அடையாளம். அப்போது எந்த வழியாக வந்தவர் என்று பிரித்து, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். விளம்பரச் செலவின் உச்சவரம்பையும் அப்படியே தனித்தனியாக வையுங்கள்.