தமிழ்ப் படிவங்களை ஓசிஆர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேள்விகள் அச்சிலும் விடைகள் கையெழுத்திலுமாக இருக்கும் நலத்திட்ட விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவோர், முழுப் பக்கத்தையும் ஒரே மென்பொருளிடம் கொடுத்துவிடுவதே அடிப்படைத் தவறு. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் அச்செழுத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்டது. கையெழுத்தைக் கொடுத்தால் அது தருவதைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வது எளிது. படிவங்கள் சில நூறுதான் என்றால், கையெழுத்துப் பகுதிக்கு ஆள் வைப்பதே மலிவு என்பது என் கருத்து.

விடைகள் தட்டச்சிட்டவையாக இருந்தாலும் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டியெடுத்தே படிக்க வைக்க வேண்டும். தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ ஆகிய எழுத்துகளைப் போலவே தோன்றுவதால், பெயரில் எண்ணும் எண்ணில் எழுத்தும் புகுந்துவிடக்கூடும். எண் கட்டத்தில் இலக்கங்களை மட்டும் அனுமதித்தால் எண்ணில் எழுத்து புகுவது நிற்கும்:

```
tesseract name.png name -l tam --psm 7
tesseract num.png num -l eng --psm 7 -c tessedit_char_whitelist=0123456789
```

ஆனால் இந்தக் கட்டுப்பாடு 3-ஐ 8 என்று படிப்பதைத் தடுக்காது. நூற்றுக்கு 99 எழுத்து சரி என்ற கணக்கைக் கேட்டு நிம்மதி அடைவோர், 12 இலக்க எண்ணில் 0.99-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும், ஏறத்தாழ 0.89 வரும், அதாவது ஒன்பது படிவங்களுக்கு ஒன்றில் எண் தவறாக இருக்கும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் அமைந்த சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கணக்கு தப்பாமல் காட்டிக்கொடுக்கும். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில O வந்திருந்தால் தயங்காமல் மாற்றலாம்.

பெயர்களுக்கு அப்படிப்பட்ட காவல் எதுவும் இல்லை. புள்ளி மங்கியிருந்தால் ‘ன்’ ‘ன’ ஆகிவிடும். ஆயினும் வெளியீடு ஒழுங்கான தமிழாகவே தோன்றும். அகராதியை வைத்துத் திருத்தினால், அபூர்வமான ஊர்ப் பெயரும் குலதெய்வப் பெயரும் பழகிய சொல்லாக மாறிவிடும். குடும்ப அட்டையோடு ஒப்பிடும்போது எழுத்துக்கூட்டல் வேறுபட்டால், படிவத்தில் உள்ளபடியே பதிந்து குறிப்பு இடுவதே முறை.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடும் உண்டு. சௌந்தரவள்ளி என்ற பெயரை ‘ச’வோடு ‘ௌ’ குறி சேர்த்தும் எழுதலாம். ‘செ’வுக்குப் பின் ‘ள’ போட்டு, செளந்தரவள்ளி என்று ஏமாற்றவும் செய்யலாம். யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம், ‘ொ’ இரண்டு துண்டாக வந்திருந்தால் ஒன்றாக்கிவிடும். இந்த ‘ள’வை மட்டும் தொடாது. அதனால் ஒற்றைக்கொம்புக்குப் பின் குறி ஏதுமற்ற ‘ள’ வரும் பெயர்களைத் தனியே பிரித்து ஒருவர் பார்க்க வேண்டும்.

அந்தப் பார்வையிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஓசிஆர் விடையைப் படத்தின் அருகே காட்டினால், பார்ப்பவர் எதிர்பார்த்ததையே படித்து ஒப்புதல் தந்துவிடுவார். வெட்டிய படத்தை மட்டும் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லி, பிறகு ஓசிஆர் விடையோடு ஒப்பிட்டு, மாறுபட்டவற்றை மூன்றாம் நபரிடம் அனுப்ப வேண்டும். எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் இல்லாத கணக்கு எண்ணையும் இதே வழியில்தான் சோதிக்க இயலும்.