ஐஸ் ரூமில் ஒரு பிணம், வீட்டில் ஒரு கையெழுத்து: வாராவாரம் ஒரு கேஸ் எழுதுவது எப்படி

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. என் முதல் போலீஸ் தொடர் ஸ்கிரிப்டை நண்பன் ஒருவன் அங்கே உட்கார்ந்துதான் படித்தான். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "இந்த எஸ்.ஐ. அம்மாவுக்கு வீட்லேருந்து ஒம்போது தடவ போன் வருது. ஒம்போதையும் தூக்கிட்டா கதையில இன்னா மாறும்?" தூக்கிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

கேஸ் ஒரு பக்கம், சொந்த வாழ்க்கை ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி அடுக்கியதுதான் தப்பு. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதை, ஒரே ஒரு எபிசோடை முழுதாகக் கட்டிக் காட்டிச் சொல்கிறேன்.

அதற்கு முன் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம். அமெரிக்க டிவியில் பழைய எபிசோடுகளை மறு ஒளிபரப்புக்கு விற்பது பெரிய வருமானம். வாங்கிய சேனல் எந்த வரிசையில் போட்டாலும் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும், அதனால் ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முடிந்தாக வேண்டும். 1990இல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' முதல் பாதியைப் போலீஸுக்கும் மறுபாதியை அரசு வக்கீல்களுக்கும் கொடுத்தது. அவர்களுடைய வீட்டுக் கதைகளுக்கு அதில் இடம் ரொம்பக் குறைவு. 2002இல் வந்த 'மாங்க்' வேறு வழியில் போனது. வாராவாரம் ஒரு கேஸ் முடியும், ஆனால் துப்பறிபவருடைய மனைவியைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு சீசன் கழித்து, 2009இல் கடைசி எபிசோடில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள். நாம் எழுதப்போவது இந்த இரண்டாவது வகை.

முதல் படி: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

போலீஸ் கண்டுபிடிக்கிற வரிசையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குற்றம் உண்மையில் எப்படி நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நம் எபிசோடில் நடந்தது இதுதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, கட்டுமரமும் சின்ன ஃபைபர் படகுகளும் போகலாம். ஒரு விசைப்படகு ஓனர் தடைக்கு முன்பே தன் படகை வடக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, லாரியில் ஐஸ் அனுப்பித் திருட்டுத்தனமாகத் தொழில் செய்கிறார். லாரி டிரைவர் பழக்க தோஷத்தில் படகின் பெயரைச் சொல்ல, ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை அதே பெயரில் பில் போடுகிறார். பிறகு யோசித்து, விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்கிறார். சனிக்கிழமை இரவு வாக்குவாதம். கணக்குப்பிள்ளையின் தலையில் அடி. ஓனர் உடலை ஐஸ் ரூமில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார். ஞாயிறு முழுக்க நாகப்பட்டினத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறார்.

ஏன் ஐஸ் ரூம்? தடைக்காலத்தில் வியாபாரம் மந்தம், திங்கள்கிழமை வரை யாரும் திறக்க மாட்டார்கள் என்பது ஒன்று. குளிரில் கிடந்த உடலை வைத்து இறந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்வது டாக்டருக்குக் கஷ்டம் என்பது இன்னொன்று. சனியா ஞாயிறா என்ற குழப்பம்தான் ஓனருக்குப் பாதுகாப்பு. குற்றவாளிக்கு இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம், ஒரு கவனப்பிசகு. இரண்டும் ஒவ்வொன்று போதும்.

இரண்டாம் படி: கண்டுபிடிக்கிற வரிசை

விளம்பர இடைவேளையோடு ஒரு மணி நேரம் என்றால் கதைக்குக் கிடைப்பது சுமார் 42 நிமிடம். தொடக்கக் காட்சி ஒன்று, பிறகு நான்கு பாகம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் 'இதுதான் கேஸ்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது மாற வேண்டும்.

தொடக்கத்தில் திங்கள் காலை லோடுமேன் கதவைத் திறக்கிறார், பிணம். முதல் பாகம் முழுக்க வழுக்கி விழுந்த விபத்து என்றே போகிறது. முடிவில், தாழ்ப்பாள் வெளியிலிருந்து போட்டிருந்ததாக லோடுமேன் சொல்ல, சந்தேக மரணம் கொலையாகிறது. இரண்டாம் பாகத்தில் கூலித் தகராறு செய்த பழைய ஆள் ஒருவன் மாட்டுகிறான், அவன் வேறிடத்தில் இருந்ததை கேமரா காட்டிவிடுகிறது. கணக்குப்பிள்ளை கடைசியாகப் பேசிய எண் என்ற வகையில் படகு ஓனர் வருகிறார், கல்யாண ஆல்பத்தோடு. மூன்றாம் பாகத்தில் கணக்குப் புத்தகம் காணோம் என்று தெரிகிறது. பில் புத்தகத்தில் ஒரு கார்பன் காப்பி மட்டும் மிச்சம்: ஒரு படகுப் பெயர், 150 பார் ஐஸ்.

இன்னொரு துப்பை ஆரம்பத்திலேயே கண் முன்னால் வைத்துவிடுங்கள். கணக்குப்பிள்ளையின் மேசைக்கு மேலே தினசரி காலண்டர். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பவர் அவர், ஞாயிற்றுக்கிழமை உட்பட. திங்கள்கிழமை போலீஸ் வரும்போது அதில் சனிக்கிழமைத் தாள் தொங்குகிறது. அந்தக் காட்சியில் அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம், கேமராவில் பட்டால் போதும். அவருடைய அந்தப் பழக்கத்தை நான்காம் பாகத்தில் அவர் மனைவி சொல்லும்போது ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் உதவாமல் போய்விடும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை

முதல் ஸ்கிரிப்டில் லாக்கப்பில் குற்றவாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வதாக எழுதியிருந்தேன். அதே டீக்கடையில் ரிடையர்டு ஏட்டு ஒருவர் சிரித்தார். "தம்பி, எங்ககிட்ட ஒத்துக்கினது கோர்ட்ல நிக்காதுப்பா. அவன் சொல்லி நீ எதுனா ஒண்ண எடுத்தியா? அதான் பேசும்." உண்மைதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் கஸ்டடியில் இருப்பவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க வைத்த பேச்சு மட்டும் எடுபடும். அதனால் நம் கதையின் உச்சம் அழுகை இல்லை. ஓனர் சொல்ல, சாட்சிகள் முன்னிலையில் படகின் இன்ஜின் ரூமிலிருந்து கணக்குப் புத்தகத்தை வெளியே எடுப்பதுதான். நாடகமாகவும் இதுவே நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

மூன்றாம் படி: அடியில் ஓடும் கதைக்கு ஒரு ஏணி

எஸ்.ஐ. ரேவதி. அப்பா விசைப்படகில் டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கான மனு தயார், ஆனால் அம்மா கையெழுத்துப் போட மாட்டார். நெற்றியில் பொட்டு அப்படியே இருக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் இங்கே 'அப்பாவுக்கு என்ன ஆச்சு?' என்பதைத் தொடரின் கேள்வியாக வைப்பார்கள். நான் 'அம்மா கையெழுத்துப் போடுவாளா?' என்பதை வைப்பேன். மர்மத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அவிழ்க்காமல் இழுத்தால் பார்ப்பவருக்குக் கோபம் வரும். ஒரு மனுஷியின் முடிவு என்றால் முன்னும் பின்னும் போகலாம், நம்பலாம்.

பத்து எபிசோடுக்குப் பத்துப் படி எழுதுங்கள், ஒரு படிக்கு ஒரு வரி. முதலாவதில் மனு பீரோவில் கிடக்கிறது. மூன்றாவதில் தம்பி கையெழுத்தை அவசரப்படுத்துகிறான். நான்காவதில் அம்மா அதைக் கிழித்துவிடுகிறாள். ஐந்தாவது நம் எபிசோடு: கடல் பேச்சையே எடுக்காத அந்த வீட்டில் அம்மா முதன்முறையாக அப்பாவின் தொழிலைப் பற்றிப் பேசுகிறாள். அவ்வளவுதான், இந்த வாரத்துக்கு ஒரு படி. இரண்டு படி ஏறினால் ஆறாவது எபிசோடில் கையைப் பிசைவீர்கள்.

நான்காம் படி: கொடுக்கல் வாங்கல்

இதுதான் ஒன்பது போன் காலில் நான் கோட்டைவிட்ட இடம். வீட்டுக் காட்சி கேஸுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கேஸும் வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

42 நிமிடத்தில் சுமார் 30 காட்சி வரும். அதில் வீட்டுக்கு நான்கு, மொத்தம் ஏழெட்டு நிமிடம். முதல் காட்சியில் ரேவதி காலையில் கிளம்பும்போது அம்மா மீன் விலையைத் திட்டுகிறாள்: "தடைக்காலத்துல வஞ்சிரம் எங்கடி வாங்குறது? போட்டெல்லாம் கட்டிப்போட்டு கெடக்குது." தடைக்காலம் தெரியாத மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் விஷயம் புரிந்துவிடும், விளக்கம் என்றும் தோன்றாது. இரண்டாவது காட்சி ஸ்டேஷனிலேயே: கணக்குப்பிள்ளையின் மனைவி, உடலைப் பார்க்கும்வரை நம்ப மாட்டேன் என்கிறாள். ரேவதி ஒரு கணம் பேசாமல் நிற்கிறாள். வசனம் வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். ராத்திரி சாப்பிடும்போது பில் காப்பி மேசைமேல் கிடக்கிறது. அம்மா தட்டை வைக்க அதை நகர்த்துகிறாள், பார்க்கிறாள்.

"நூத்தம்பது பாரா? ஃபைபர்ல எங்கடி ஏத்துவான் இத?"

ரேவதி நிமிர்கிறாள்.

"உங்கப்பா பத்து நாளு கடல்ல தங்குறதுன்னா இவ்ளோ ஏத்துவாரு. ரெண்டு நாளுன்னா முப்பது, நாப்பது."

சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விடுகிறாள். ஒரு பார் என்பது ஏறக்குறைய 50 கிலோ. 150 என்றால் ஏழரை டன். சின்னப் படகு தாங்காது, ஆக அது விசைப்படகு. தடைக்காலத்தில் விசைப்படகுக்கு ஐஸ் எதற்கு? கேஸ் உடைகிறது. ஒன்பது வருஷ மௌனமும் உடைகிறது. ஒரே வசனத்தில் இரண்டும் நடப்பதால் இந்தக் காட்சியை யாராலும் வெட்ட முடியாது.

கேஸ் திருப்பிக் கொடுப்பது நான்காவது காட்சியில், கைதுக்கு அப்புறம். கைப்பற்றிய ஐஸ் கம்பெனிக் கணக்குகள் ஸ்டேஷனில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகமும் அதில் ஒன்று. அப்பாவுடைய படகு இரண்டு நாள் தொழிலுக்குப் போனதாகத்தான் அப்போதைய ஓனர் எழுதிக் கொடுத்திருந்தார். ரேவதி அந்தத் தேதியைத் தேடுகிறாள். 160 பார்.

இப்படி நேரடித் தொடர்பு பத்து எபிசோடில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். எல்லாக் கொலையும் கதாநாயகி குடும்பத்தில் போய் முட்டினால் காசிமேடு பத்து வீடுள்ள தெரு மாதிரி ஆகிவிடும். மற்ற வாரங்களில் இரண்டாவது காட்சி மாதிரி ஒரு சின்ன எதிரொலி போதும்.

ஐந்தாம் படி: இரண்டு நிற அட்டை

கேஸ் காட்சிகளை வெள்ளை அட்டையிலும் வீட்டுக் காட்சிகளை மஞ்சள் அட்டையிலும் எழுதித் தரையில் பரப்புங்கள். வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சளை மட்டும் படித்தால் முதலுக்கும் கடைசிக்கும் ஒரு மாற்றம் தெரிய வேண்டும். பிறகு மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைப் படியுங்கள். எங்கேயாவது ஒரே இடத்தில் 'இது எப்படித் தெரிந்தது?' என்று ஓட்டை விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் மஞ்சள் அட்டைகள் என் ஒன்பது போன் கால்கள். நாலைந்து இடத்தில் ஓட்டை என்றாலும் சிக்கல்தான். போன வாரம் பார்க்காதவருக்கு இந்த வாரம் புரியாது.

இரண்டு மஞ்சள் அடுத்தடுத்து வந்தால் பிரித்து வையுங்கள். கடைசி அட்டை மட்டும் மஞ்சளாக இருக்கட்டும். அந்த 160ஐ ரேவதி அம்மாவிடம் சொல்கிறாளா இல்லையா என்பதை இந்த எபிசோடில் எழுதாதீர்கள். புத்தகத்தை மூடி, கேஸ் நம்பர் சீட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். ஆறாவது எபிசோடின் முதல் மஞ்சள் அட்டை அந்தச் சாவி.