இளம் முகத்தில் முதுமை ஒட்டாத பிரச்சினை: என் அனுபவம்

திருகோணமலையில் ஒரு மேடை நாடகம். இருபது வயதுத் தம்பியை ஒப்பனையால் எழுபது வயது மீனவராக்க வேண்டும். எத்தனை தடவை வரைந்தாலும் சுருக்கம் கரி பூசியதுபோலவே தெரிந்தது. நாட்கள் வீணாகின.

சுருக்கக் கோடுகளை இன்னும் கறுப்பாக்கினேன், மோசமானது. திரவ லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலைப் பூசித் தோலைச் சுருக்கிப் பார்த்தேன். வியர்வையில் வாயோரம் கிளம்பிவிட்டது.

அப்புறம்தான் நான் பார்த்து வரைந்த மாதிரிப் படங்களையே சந்தேகப்பட்டேன். உப்புவெளியில் எடுத்த படங்களில் ஐயாமார் எல்லோரும் சிரிக்கிறார்கள், அதுவும் நேர் பிளாஷ் வெளிச்சத்தில். சிரிப்பில் கன்னம் மேலேறி மடிப்பின் இடம் மாறிவிடும். பிளாஷ் நிழலைத் தின்றுவிடும், கோடு மட்டும் மிஞ்சும்.

சிரிக்காமல், ஜன்னலோரம் பக்க வெளிச்சத்தில் இருக்கச் சொல்லி மீண்டும் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கினேன். பலரும் கவனிக்காத விஷயம் அங்கே தெரிந்தது: மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கன்னப் பக்கம் மேடு, வெளிச்சம். மடிப்பில் நிழல் கூர்மையாகத் தொடங்கி, உதட்டுப் பக்கமாக மெல்லக் கரைகிறது.

தம்பியை முகம் சுளிக்க வைத்து, அவருடைய சொந்த மடிப்பு விழும் இடத்தைக் குறித்தேன். செம்பழுப்பில் நிழல் வைத்து உதட்டுப் பக்கம் மட்டும் தேய்த்துக் கரைத்தேன். கன்ன மேட்டில் தோலைவிடச் சற்று வெளிறிய நிறம். கண்ணுக்குக் கீழ்ப் பைக்கும் இதே முறைதான். ஒத்திகை விளக்கில் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். கோடே தெரியவில்லை, தொங்கிய கன்னம்தான் தெரிந்தது.