கைக்குழந்தை வந்த வீட்டில் நாய்: நாங்கள் செய்த தவறும் திருத்தியதும்

மூத்தவள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, மணியை மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போட்டோம். நான்கு வருடம் கூடத்தில் படுத்து வளர்ந்த நாய். இரண்டு நாள் சாப்பிடாமல் ஊளையிட்டான். குழந்தை அழும்போதெல்லாம் சங்கிலியை இழுத்தான். அந்த அழுகை வந்த நாளில்தான் தன் இடம் பறிபோனது என்று அவனுக்குப் பதிந்துவிட்டது.

இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அறைக் கதவுக்குக் குறுக்கே தடுப்பு போட்டு, வெளியே அவனுக்குப் பாய் விரித்துப் பழக்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைச் சுற்றிய துணியைக் கொண்டுவந்து, கையில் பிடித்தபடியே தூரத்தில் காட்டி, மோந்ததும் பிஸ்கட் கொடுத்தோம். வீடு திரும்பியபோது முதலில் நான் மட்டும் உள்ளே போய் அவனைக் கொஞ்சினேன். துள்ளல் அடங்கியபின்தான் குழந்தை வந்தது. கழுத்தில் கயிறுடன் ஆறேழு அடி தள்ளி நின்று பார்த்தான். முதல் நாளுக்கு அவ்வளவு போதும்.

உறுமினால் அடிப்பது இன்னொரு தவறு. உறுமல் என்பது 'தள்ளிப் போ' என்ற எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் சத்தமில்லாமல் கடிக்கும். உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் அதற்கு முந்தைய அறிகுறிகள். கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகருங்கள், நாயைத் திட்ட வேண்டாம்.

நம் வீடுகளில் தூளியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தாழக் கட்டிய சேலை ஆடுகிறது, உள்ளே கீச்சென்று சத்தம். சாதுவான நாய்க்கும் இரையைப் பிடிக்கும் உந்துதல் வரலாம். பூனையோ கதகதப்புக்காக உள்ளேயே ஏறிப் படுத்து மூச்சை அடைத்துவிடலாம். எனவே தூளி இருக்கும் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். 'பார்த்துக்கொள்வது' என்றால் பெரியவர் ஒருவர் விழித்தபடி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ஒரு நிமிடம் அடுப்படிக்குப் போவதானாலும் குழந்தையையோ நாயையோ கூடவே அழைத்துப் போங்கள்.

சுத்த விஷயத்தில், முகத்தையும் கையையும் நக்க விடாதீர்கள். தொப்புள்கொடி விழுந்து புண் ஆறாதவரை அந்த இடத்தை நிச்சயமாகக் கூடாது. நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். குடற்புழு மருந்தையும் உண்ணி மருந்தையும் பிரசவத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அதிலுள்ள உருண்டைப்புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்தபின்தான் தொற்றும் நிலைக்கு வருகிறது.

கீறலோ கடியோ பட்டால் 'தடுப்பூசி போட்ட நாய்தானே' என்று விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்பால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.