காது மெசின் பற்றரி: ஸ்ரிக்கர உரிச்ச உடன போடாதீங்க

அம்மம்மாட காது மெசினுக்கு 13 நம்பர் பற்றரி, செம்மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டினது. ஒரு கார்ட்டில ஆறு இரிக்கும். மனிசிக்கு நகத்தால உரிக்கக் கஷ்டமெண்டு ஒருநாள் ஆறையும் நானே உரிச்சு டப்பாக்குள்ள போட்டு வச்சன், நல்ல காரியம் செய்தனெண்டுதான் நினைச்சன். முதலாவது 14 நாள் ஓடிச்சு, ரெண்டாவது 10 நாள், மூண்டாவது அஞ்சு நாள்ல படுத்திட்டுது. கடைக்காரன் பழைய சரக்கத் தந்திட்டானெண்டு அவனோட சண்டைக்கும் போயிட்டன், பிழை என்னிலதான்.

விசயம் என்னெண்டா, இந்தப் பற்றரிக்குள்ள நாகத்தூளும் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கரைசலும்தான் இரிக்கி. மற்றப் பாதி காத்து. பிளஸ் பக்கத்தில ஊசிமுனை மாதிரிச் சின்ன ஓட்டைகள் இரிக்கும், ஸ்ரிக்கர் அதைத்தான் மூடுது. உரிச்சா ஒட்சிசன் உள்ள போய் நாகத்தோட சேர்ந்து கரண்ட் வரும். காத்துக்குத் தனியா இடம் தேவையில்லாததால உள்ள முழுக்க நாகத்தை நிரப்பலாம், அதாலதான் இத்துனூண்டு சாமான் இவ்வளவு நாள் உழைக்குது.

இனி செய்யிற முறை. மெசினுக்குள்ள இரிக்கிறது செத்த பிறகுதான் புதுசை உரிக்கோணும், ஒரு நேரத்தில ஒண்டு மட்டும். உரிச்சிட்டு ஓட்டைப் பக்கம் மேல பார்க்க மேசையில வச்சு அஞ்சு நிமிசம் விடுங்க. நான் சறுக்கினது இதிலதான். உரிச்ச கையோட போட்டு மூடியை அடிச்சா அந்தச் சின்ன அறைக்குள்ள காத்து மெதுவாத்தான் போகும், வோல்ற் 1.4 மட்டுக்கு ஏற முதல் மெசின் கீ கீ எண்டு கத்தும், நாம பற்றரி பழுதெண்டு எறிஞ்சிருவம். நான் ரெண்டு எறிஞ்சிரிக்கன். மல்டிமீற்றரை நம்பாதீங்க, சாகப்போற பற்றரியும் சும்மா பிடிச்சா நல்லாத்தான் காட்டும்.

கணக்கு: 13 நம்பரில 300 மில்லி அம்பியர் மணி மட்டில இரிக்கி. மெசின் 1.5 மில்லி அம்பியர் இழுத்தா 200 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் போட்டா ரெண்டு கிழமை. போனில இருந்து புளூடூத்தில பாட்டுக் கேட்டா இன்னும் கெதியா முடியும். ராவைக்கு மூடியைத் திறந்து விட்டா மெசின் இழுக்காது, ஆனா உரிச்ச பற்றரி சும்மா கிடந்தாலும் தேயும். மட்டக்களப்பில மார்கழி மழைக்குக் காத்தில இரிக்கிற ஈரத்தைக் குடிச்சு உள்ள ஊதிரும், மறுகா காத்துப் போற வழி அடைபடும்.

பிற்சேர்க்கை: கல்முனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, ராவைக்கு ஸ்ரிக்கரத் திரும்ப ஒட்டினா மிஞ்சுமா எண்டு. செய்து பார்த்தன், பசை பழையபடி இறுகப் பிடிக்காது, ஓரத்தால காத்துப் போகும். போதாததுக்குப் பசை ஓட்டைக்குள்ளயும் அப்புது. பிரிட்ஜுக்குள்ளயும் வைக்காதீங்க, வெளிய எடுக்கக்குள்ள வேர்த்து ஈரமாகும். உரிக்காத கார்ட்டை அலுமாரிக்குள்ள வச்சாலே போதும்.